பரோட்டா மாஸ்டரின் காலுறை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கையூம் பாய் கடையில் பொம்மையன் பரோட்டா வீசுகிறார் என்றால், வேடசந்தூர் பஸ்ஸின் டிரைவர் வண்டியை நியூட்ரலில் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார். உள்ளே இருக்கும் பயணிகளும் ஏன் கிளம்பவில்லை என்று கேட்க மாட்டார்கள். மாவு உருண்டை கையை விட்டு மேலே போகும், மின்விசிறியை ஒரு வலம் வரும், வேட்டி அகலத்துக்கு விரிந்து சத்தமில்லாமல் பலகையில் இறங்கும். அந்த மாவு வழியாக எதிர்ச்சுவரில் ஒட்டிய போஸ்டரைப் படிக்கலாம். கண்புரை ஆபரேஷன் செய்ய வேண்டிய பெரியவர் ஒருவர் கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டு, ஆபரேஷனைத் தள்ளிப் போட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு.

இதெல்லாம் பொம்மையனின் மேல்பாதி. கீழ்ப்பாதியின் சங்கதி வேறு.

இருபத்தைந்து வருஷமாகக் கல்லின் முன்னால் நின்ற இடத்திலேயே நின்ற கால்கள் அவை. முட்டிக்குக் கீழே நரம்புகள் பச்சையும் நீலமுமாகப் புடைத்து, சிறுமலை ஏறுகிற ரோடு மாதிரி வளைந்து வளைந்து ஓடின. வாழைக்காய் லோடு ஏற்றி வருகிற டிரைவர் ஒருவர் சாப்பிட்டபடியே அந்த வளைவுகளை எண்ணிப் பார்த்து, மலையில்கூட இத்தனை கொண்டை ஊசி கிடையாது என்று அடித்துச் சொன்னார். காலையில் கால் சாதாரண மனிதக் காலாகத்தான் இருக்கும். பொழுது சாய்வதற்குள் யானைக்குட்டியிடம் கடன் வாங்கி வந்த மாதிரி ஆகிவிடும். விரலை வைத்து அழுத்தினால் விழுகிற குழியில் ஒரு கரண்டி சால்னா ஊற்றலாம். இடது கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்துப்போய் அரித்துக்கொண்டே இருந்தது. ராத்திரி கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும். அவர் போடுகிற சத்தத்தில் தாடிக்கொம்பில் அவர் தெரு நாய்கள் எல்லாம் திருடன் வந்துவிட்டான் என்று எழுந்து ஓடும்.

கடை முதலாளி அப்துல் கையூம் இதையெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் செய்கிற காரியங்கள்தான் சில நேரம் ஆளைக் கொல்லும். ஒரு நாள் மதியம் கூட்டம் வடிந்ததும் பொம்மையனைக் கூப்பிட்டு, தன் முடிவைச் சொன்னார்.

"அப்பு, உன் காலைப் பாக்க எனக்குச் சகிக்கல. நின்னது போதும். என் கல்லாவுல நீ ஒக்காரு. நான் வீட்டுல ஒக்காந்துக்கிறேன். கல்லை வீரன் பாத்துக்கட்டும்."

வேறு யாராக இருந்தாலும் பாயின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள். பொம்மையனுக்கோ தன் ஈமச்சடங்குக்குத் தேதி குறித்த மாதிரி இருந்தது. கல்லா இருக்கிற இடம் அப்படி. அங்கே உட்கார்ந்தால் முதுகு கல்லின் பக்கம் இருக்கும். மாவு பலகையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும், பார்க்க முடியாது. அதிலும் வீரன் அடிக்கிற சத்தம். வீரன் மாவு பிசைவதில் மன்னன், பத்து ஆள் வேலையைத் தனியாகச் செய்வான். ஆனால் அவன் போடுகிற பரோட்டாவைப் பிய்க்க ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருமுறை மூன்றாவது ஆள் பெஞ்சில் காலை ஊன்றி இழுத்ததாகவும் சொல்வார்கள்.

பொம்மையன் கெஞ்சினார். பாய் மனம் இளகி, ஒரு மாசம் பொறுத்துப் பார்க்கிறேன், ஒழுங்காக டாக்டரைப் பார், அதற்குள் வீக்கம் வடிந்தால் கல்லு உனக்கு, வடியாவிட்டால் கல்லா உனக்கு என்றார்.

நத்தம் ரோட்டில் ஒரு சின்ன கிளினிக்குக்கு வியாழக்கிழமைகளில் மதுரையிலிருந்து ரத்தக் குழாய் டாக்டர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். தமிழ்மதி என்று பெயர். சின்னப் பெண்தான், ஆனால் காலைப் பார்க்கிற பார்வையில் மாட்டுச் சந்தைத் தரகர் தோற்றுவிடுவார். பொம்மையனை நிற்க வைத்துப் பார்த்தார், படுக்க வைத்துப் பார்த்தார், பாதத்தின் மேல் விரலை வைத்து நாடி பிடித்தார், பிறகு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் மிஷினில் அவருடைய ரத்தம் போகிற சத்தம் ஆடிக்காற்று மாதிரி உஸ்ஸென்று கேட்டது. இம்புட்டுச் சத்தமும் தனக்குள்ளேதான் இருக்கிறதா என்று பொம்மையனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். காலுக்கு இறங்கிய ரத்தம் திரும்ப நெஞ்சுக்கு ஏற வேண்டும். ஏறுகிற குழாய்க்குள் மேல்பக்கமாக மட்டும் திறக்கிற சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. கெண்டைக்கால் சதைதான் பம்பு. நடந்தால் பம்பு ஓடும், நின்ற இடத்திலேயே நின்றால் ஓடாது. வருஷக் கணக்காக நின்றதில் கதவுகள் தொய்ந்துபோய், ஏறின ரத்தம் திரும்பக் கீழேயே வந்து தேங்குகிறது. குழாய் புடைப்பதும் கால் வீங்குவதும் தோல் கறுப்பதும் அதனால்தான். அந்தக் கறுத்த இடம் உடைந்து புண்ணானால் லேசில் ஆறாது. கெட்டுப்போன குழாயை லேசரில் அடைத்துவிட வழி இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் வீக்கத்தை இறக்குவோம் என்று காலை இறுக்கிப் பிடிக்கிற ஒரு ஜோடி ஸ்டாக்கிங் எழுதிக் கொடுத்தார். பாதத்துக்கு வருகிற ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் தைரியமாகப் போடலாம் என்றார்.

மறுநாள் விடிந்ததும், கால் வீங்குவதற்கு முன்னால் வரச் சொல்லி, நர்ஸ் ரூபி கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் டேப் வைத்து அளவு எடுத்தாள். கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே மாட்டிவிட வேண்டும், ராத்திரி படுக்கும்போது கழற்ற வேண்டும், எண்ணெய் தேய்த்துவிட்டுப் போடக் கூடாது, சுருக்கம் இருக்கக் கூடாது, நிழலில் காயப் போட வேண்டும் என்று மளமளவென்று ஒப்பித்தாள். இன்னும் ஏதோ ஒன்று சொன்னாள். அந்த நேரம் பார்த்து பொம்மையனின் போன் அடித்தது. மைதா மூட்டை வந்து இறங்கிய விஷயத்தை வீரன் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டில் கட்டில் கிடையாது. பாயில் படுக்கிறவனுக்குக் கட்டிலை விட்டு இறங்குகிற சட்டம் எப்படிப் பொருந்தும் என்று பொம்மையன் முதல் நாள் வாதாடிப் பார்த்தார். அவர் மனைவி சின்னக்கண்ணு பதினெட்டு வருஷமாக ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர்களோடு வாதாடி வென்று வருகிறவள். "எந்திரிச்சு நின்னீங்கன்னா நானே அருவாமனைய எடுத்தாந்து காலை எடுத்துருவேன், படுங்க" என்றாள். படுத்தார்.

அந்தக் காலுறையை மாட்டுவது மல்யுத்தம்தான். கையில் எடுத்தால் குழந்தைக்கு வாங்கினது மாதிரி இருக்கும். அதற்குள் பொம்மையனின் பாதம் போக வேண்டும். சின்னக்கண்ணு காலில் பவுடர் தூவி, கையில் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கிளவுஸ் மாட்டி, ஸ்டாக்கிங்கைக் குதிகால் வரைக்கும் உள்பக்கம் வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகாலை அதன் இடத்தில் உட்கார வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே நீவி நீவி ஏற்றுவாள். பொம்மையன் கதவு நிலையைப் பிடித்துக்கொள்வார். முதல் வாரத்தில் நிலை சுவரை விட்டு ஒரு விரல்கடை வெளியே வந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொள்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் சமாதானம் பேச வந்து, கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார்கள்.

கடையில் வேறு விதமான வரவேற்பு. அது வெள்ளைக்காரத் தோல் நிறத்தில் இருந்தது. மடித்துக் கட்டின கைலிக்குக் கீழே முழுசாகத் தெரிந்தது. மேலே தாடிக்கொம்பு, கீழே லண்டன் என்றார் ஒருவர். பரதநாட்டியம் எப்போது அரங்கேற்றம் என்று இன்னொருவர் கேட்டார். வீரன் மட்டும் கேலி செய்யவில்லை. அடுத்த மாசம் கல்லு தனக்குத்தான் என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருந்ததால், மிகுந்த மரியாதையோடு நடந்துகொண்டான்.

ஆனால் பாருங்கள், அந்த முதல் வாரம் சொர்க்கம். சாயங்காலம் ஆனால் காலில் இரும்புக் குண்டு கட்டின மாதிரி இருக்குமே, அது இல்லை. அரிப்பு பாதியாகக் குறைந்தது. தெரு நாய்கள் ராத்திரி முழுக்க நிம்மதியாகத் தூங்கின. கையூம் பாய் தினமும் குனிந்து பார்த்து, மாஷா அல்லாஹ் என்றார். வீரனின் மரியாதை லேசாகக் குறையத் தொடங்கியது.

இரண்டாவது வாரத்தில்தான் பொம்மையன் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்தார்.

பரோட்டா மாஸ்டருக்குச் சட்டைப்பை கிடையாது. பனியனும் கைலியும்தான் உடுப்பு. எல்லாரையும் போல இடுப்பு மடியில் எதையாவது செருகினால், மாவு வீசுகிற வேகத்தில் அது நழுவி எங்கேயாவது விழும். ஒருமுறை அவருடைய வண்டிச் சாவி மாவுக்குள் விழுந்து, கொத்துப் பரோட்டா சாப்பிட்டவருடைய தட்டில் வந்து சேர்ந்தது. அவர் பரிசு விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வண்டி எங்கே என்று கேட்டார். அப்படிப்பட்ட மனிதரின் முட்டிக்குக் கீழே, அசைத்தாலும் ஆட்டினாலும் நழுவாத ஒரு பிடிப்பான விளிம்பு. கைலி கட்டிப் பழகிய கைக்கு ஒரு விளிம்பு கிடைத்தால் என்ன செய்யும்? மடிக்கும். ஒரு மடிப்பு மடித்துப் பார்த்தார், நன்றாக இருந்தது. இரண்டாவது மடிப்பும் மடித்தார். பட்டன் போனைச் செருகினார். கம்மென்று உட்கார்ந்தது. அடுப்புக்கு அருகில் வியர்க்கிற காலுக்கு மேலே கொஞ்சம் காற்றும் பட்டது. இதை உண்டாக்கின கம்பெனிக்காரன் ஒரு பரோட்டா மாஸ்டரை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறான் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

சின்னக்கண்ணுக்கு இது தெரியாது. அவள் காலையில் முட்டிக்குக் கீழே வரை ஒழுங்காக ஏற்றிவிட்டு மில்லுக்குப் போய்விடுவாள். மடிப்பெல்லாம் கடைக்கு வந்த பிறகுதான்.

வீக்கம் திரும்பி வந்தது. சும்மா வரவில்லை, சொந்தபந்தத்தோடு வந்தது. மடிப்புக்குக் கீழே கால் பம்மென்று உப்பி, மடித்த இடத்தில் வளையல் போட்ட மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. விரல்கள் மரத்துப்போயின. செருப்பு மாட்ட முடியாமல் கையில் எடுத்துக்கொண்டு, வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார். பள்ளத்தைப் பார்த்த சின்னக்கண்ணு, அளவு தப்பாக எடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினாள். கையூம் பாய் அதற்கும் மேலே போய், இது டாக்டரும் கம்பெனியும் சேர்ந்து செய்கிற வியாபாரம் என்று தீர்ப்புச் சொன்னார். வீரன் இப்போது பொம்மையனை அண்ணே அண்ணே என்று கூப்பிட்டு, டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தான்.

மாசம் முடிகிற வாரத்தின் வியாழக்கிழமை, நேரில் இரண்டு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று கையூம் பாயும் கூடவே கிளம்பினார். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தையைப் பாய் ஒத்திகை பார்த்தார். அது நாகல் நகர் தாண்டுவதற்குள் இருநூறு வார்த்தை ஆகியிருந்தது. பொம்மையன், தான் மாஸ்டராக ஆட்டோ ஏறுவது ஒருவேளை இதுவே கடைசித் தடவை என்று நினைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

டாக்டரம்மா காலைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். விரலின் நிறம் பார்த்தார், நாடி பார்த்தார். ரூபி டேப் வைத்து, முன்னைவிட அதிகம் என்றாள். பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கப் போன நேரத்தில், டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "ஐயா, இதைக் கடையில எப்படிப் போட்டுக்கிட்டு நிப்பீங்களோ, அப்படியே போட்டுக் காட்டுங்க" என்றார்.

பொம்மையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ரூபியின் உதவியோடு ஸ்டாக்கிங்கை ஏற்றினார். அதுவரைக்கும் எல்லாம் சரி. பிறகு, மாவை வீசுகிற லாகவத்தோடு, மேல் விளிம்பை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, தட்டி ஒரு அமுக்கு. மேஜை மேலே வைத்திருந்த தன் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே அடுக்கினார். பட்டன் போன், வண்டிச் சாவி, தீப்பெட்டி, சீப்பு, பஸ்ஸுக்குச் சில்லறை, தோசைக்கல் சுரண்டுகிற சின்னத் தகடு, பழனி விபூதிப் பொட்டலம் ஒன்று. இன்னும் ஒரு ஆட்டுக்கல்லுக்கு இடம் இருக்கும் போலிருந்தது. அடுக்கி முடித்து நிமிர்ந்து, "எம்புட்டு ஆடினாலும் ஒண்ணும் விழாது டாக்டரம்மா" என்றார்.

ரூபி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மேலே மடிக்கக் கூடாது என்று நான் அன்றைக்கே சொன்னேனே என்று சுவரிடம் சொன்னாள். அப்போதுதான் பொம்மையனுக்கு மைதா மூட்டை வந்த போன் ஞாபகத்துக்கு வந்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு நெற்றியில் தெரிந்தது. மடிப்பைப் பிரித்து மேலே ஏற்றிவிட்டு, நிதானமாகச் சொன்னார். இந்த உறை கணுக்காலில்தான் ரொம்ப இறுக்கம். மேலே போகப் போக இறுக்கம் குறையும். அப்படி இருப்பதால்தான் ரத்தத்தைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது. மேல் விளிம்பை மடித்து மடித்து வைத்தால் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பங்கு இறுக்கம் மேலே வந்துவிடும். ஏறி வருகிற ரத்தத்துக்கு வாசலிலேயே கயிறு கட்டின மாதிரி. கால் வீங்காமல் என்ன செய்யும்? ஸ்டாக்கிங் சரி, அளவும் சரி. இனி மடிக்காதீர்கள், வீக்கம் வடிந்துவிடும். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிட்டு வர வேண்டும்.

பாயின் இருநூறு வார்த்தை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இருந்தாலும் முதலாளி முதலாளிதான். அதெல்லாம் இருக்கட்டும், இனிமேல் இவன் நிற்க வேண்டாம், கல்லாவில் நாள் முழுக்க உட்கார வைத்துக் காலுக்கு ஓய்வு கொடுக்கப் போகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

பொம்மையன் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

டாக்டரம்மா பாயை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை கீழேயே நின்றுவிட்டது. "நீங்க எத்தனை வருஷமா கல்லாவுல ஒக்காந்திருக்கீங்க, பாய்? உங்க வேட்டியைச் செத்த தூக்குங்க" என்றார்.

பாய் திடுக்கிட்டு, வேட்டியை ஒரு சாண் தூக்கினார். உள்ளே சாக்ஸ் போட்ட இடத்தில் பள்ளம். ரூபி விரலை வைத்து அழுத்தினாள். சால்னா ஊற்றுகிற குழிதான், ஆனால் இதில் இரண்டு கரண்டி பிடிக்கும். காலைத் தொங்கப்போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் பம்பு ஓடாது, நின்றாலும் உட்கார்ந்தாலும் அசையாத காலுக்கு ஒரே கதிதான் என்றார் டாக்டரம்மா. பாயின் வயதில் இரண்டு காலும் வீங்கினால் இதயம், கிட்னி எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அதற்கப்புறம்தான் ஸ்டாக்கிங் பேச்சு என்று டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். பொம்மையன் தாராளமாகக் கல்லில் நிற்கலாம். மரம் மாதிரி நிற்காமல் அடிக்கடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் நடக்க வேண்டும். மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கிற மாதிரி படுக்க வேண்டும். வீக்கம் இறங்கினதும் லேசருக்கு நாள் பார்க்கலாம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பாய் தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டு வந்ததும் இறங்கி, இருந்த இடத்திலேயே இரண்டு முறை குதிகாலைத் தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டு, "கல்லு ஒனக்குத்தாம்ப்பு" என்றார். பொம்மையன் பாயின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆட்டோக்காரர் ரெண்டு பேரும் யாரையோ அடக்கம் பண்ணிவிட்டு வருகிறார்கள் என்று நினைத்து, மீதிச் சில்லறையை இரண்டு கையாலும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கடையின் நடைமுறையே மாறிப்போனது. சின்னக்கண்ணு பழைய மில் யூனிபார்மைக் கிழித்து இடுப்பில் கட்டுகிற பை ஒன்று தைத்துக் கொடுத்தாள். அதில் ஏழு ஜிப் வைத்திருக்கிறாள் என்கிறார்கள். மாவை வீசும்போது ஒவ்வொரு வீச்சுக்கும் பொம்மையன் குதிகாலை உயர்த்தி இறக்கினார். அதைப் பார்த்தவர்கள் புது ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள். மணிக்கு ஒருமுறை சட்டுவத்தை வீரன் கையில் கொடுத்துவிட்டு, சால்னா வாளியைத் தூக்கிக்கொண்டு தானே மேஜை மேஜையாக நடந்தார். இத்தனை வருஷமாகத் தன் பரோட்டாவைச் சாப்பிடுகிறவர்களின் முதுகை மட்டுமே பார்த்தவர், அவர்கள் முதல் வாய் வைக்கிறபோது கண்ணை மூடிக்கொள்வதை அப்போதுதான் பார்த்தார். அதற்காகவே மணிக்கு இரண்டு தடவை நடக்க ஆரம்பித்தார். அந்தச் சில நிமிஷப் பழக்கத்தில் வீரனின் பரோட்டாவும் முன்னேறியது. இப்போதெல்லாம் ஒரே ஆள் பிய்த்துவிடலாம், கொஞ்சம் பலசாலியாக இருந்தால்.

பாய்க்கு டெஸ்ட் எல்லாம் நல்லபடியாக வந்தது. பிறகு அவருக்கும் ஒரு ஜோடி எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. தொழுகைக்கு முன்னால் கால் கழுவி ஒளு செய்யும்போது என்ன செய்வது என்று பாய் பள்ளிவாசல் ஹஸ்ரத்தைக் கேட்டுத் தெளிந்துகொண்டார். முட்டி வரை கறுப்பு நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார். அவர் மனைவி ஆரிபாம்மா வீட்டுக் கதவு நிலையைச் சுற்றி முன்கூட்டியே சிமெண்ட் பூசிவிட்டார்.

ஒரு நாள் மதியம் மூணு மணி இருக்கும். ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளி ஏற்றி வந்த டிரைவர் ஒருவர் கடைக்குள் நுழைந்தார். கல்லாவில் ஆள் இல்லை, கல்லில் ஆள் இல்லை. பின்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். தரையில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்கள். மைதா மூட்டைகளின் மேல் நான்கு கால்கள் நீட்டிக் கிடந்தன, இரண்டு வெள்ளைக்கார நிறம், இரண்டு கறுப்பு.

"பாய், ஒங்க மூட்டை என் மூட்டைய விட ஒசரம். நியாயமா?"

"மொதலாளி மூட்டை ஒசரமாத்தான் இருக்கும். பேசாமப் படு."

டிரைவர் பரோட்டா கிடைக்குமா என்று கேட்டார். இரண்டு பேரும் தலையைத் திருப்பாமல், மூட்டையின் மேல் கட்டைவிரல்களை மட்டும் ஆட்டி, கால்மணி நேரம் ஆகும், உட்காருங்கள் என்று சொன்னார்கள். டிரைவருக்கு அவசரம் ஒன்றுமில்லை. விடிகாலையிலிருந்து ஓட்டி வந்ததில் அவர் காலும் கனத்தது. மூலையில் இன்னொரு மூட்டை சும்மா கிடந்தது.